அப்டேட்டுக்குப் பிறகும் கேம் மெஷின் ஓட: சென்டர் உரிமையாளருக்கான சரிபார்ப்புத் திட்டம்

பிரிண்ட் எடுக்கவும் ஆன்லைன் விண்ணப்பம் போடவும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சில வாரம் அப்டேட் இல்லாமல் கிடந்தாலும் வேலை நின்றுவிடாது. கேம் மெஷின் அப்படியில்லை. வேலரன்டுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டால், பழைய பதிப்பு இருக்கும் மெஷினிலிருந்து ஆட்டத்துக்குள் நுழையவே முடியாது. அதே மெஷினில் விண்டோஸ் அப்டேட் கேட்காமல் உள்ளே வந்து, நேற்றுவரை சீராக ஓடிய ஆட்டத்தை இன்று திக்கித் திக்கி ஓடவைக்கவும் கூடும். ஒன்றை உடனே போட்டாக வேண்டும், இன்னொன்றைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தும் கடைகளில்தான் சனி, ஞாயிறு கூட்ட நேரத்தில் மெஷின்கள் காலை வாருகின்றன.

எட்டு கேம் மெஷின் உள்ள ஒரு சென்டரை எடுத்துக்கொள்வோம். எல்லாம் விண்டோஸ் 11 ப்ரோ, என்விடியா கிராபிக்ஸ் கார்டு, 100 எம்பிபிஎஸ் இணைப்பு. C டிரைவில் விண்டோஸ், D டிரைவில் ஆட்டங்கள். அதிகம் ஓடுவது வேலரன்டும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-உம். இந்தக் கணக்கை உங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். வேலைகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

நான்கு வகை அப்டேட், நான்கு வேகம்

கேம் மெஷினுக்கு வரும் அப்டேட்டுகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது ஆட்டத்தின் அப்டேட். ஆன்லைன் ஆட்டமாக இருந்தால் வந்த அன்றே போட வேண்டும்; தள்ளிப்போட வழியில்லை. இரண்டாவது விண்டோஸின் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட். இதைத் தவிர்க்கக் கூடாது, ஆனால் ஒரு வாரம் பொறுத்துப் போடலாம். மூன்றாவது கிராபிக்ஸ் டிரைவர். புதிய ஆட்டம் கேட்டாலோ, இருக்கும் டிரைவரில் பிழை தெரிந்தாலோ, பாதுகாப்புக் காரணம் சொல்லி என்விடியா வெளியிட்டாலோ மட்டும் மாற்றினால் போதும். நான்காவது பயோஸ். காரணம் எழுதிக் காட்ட முடியாத வரையில் அதில் கைவைக்க வேண்டாம்.

இந்த நான்கில் இரண்டை ஒரே நாளில் ஒரே மெஷினில் போடாதீர்கள். புதன்கிழமை விண்டோஸ் அப்டேட்டும் புது டிரைவரும் சேர்ந்து போய், வியாழக்கிழமை ஆட்டம் தடுமாறினால், யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க இரண்டையுமே கழற்ற வேண்டியிருக்கும்.

ஒன்றாம் நம்பர் மெஷின்

எட்டில் ஒன்றைச் சோதனைக்கு என்று குறித்துவிடுங்கள். அதைக் கஸ்டமருக்குத் தரக் கூடாது என்றில்லை. அப்டேட் முதலில் அதில்தான் நுழையும், அவ்வளவுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினாக இருந்தால் உங்கள் கண்ணிலேயே இருக்கும். மற்ற ஏழின் போர்டும் கிராபிக்ஸ் கார்டும் எந்த வகையோ அதே வகையாக அது இருப்பது முக்கியம். இரண்டு வகை மெஷின்கள் இருந்தால் வகைக்கு ஒன்று வேண்டும்.

அடுத்து ஒரு நோட்டு. மெஷினுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் நான்கு விஷயங்களை எழுதிவையுங்கள்: விண்டோஸ் பதிப்பு எண், கிராபிக்ஸ் டிரைவர் எண், பயோஸ் எண், ஆட்டத்தில் கிடைக்கும் எஃப்பிஎஸ். விண்டோஸ் எண்ணுக்கு `winver` என்று ஓட்டினால் போதும். பயோஸ் எண் `msinfo32` திரையில் இருக்கிறது. எஃப்பிஎஸ்ஸுக்கு வேலரன்ட் அமைப்பில் Video பகுதிக்குள் Stats போய் Client FPS-ஐ இயக்குங்கள். பயிற்சிக் களத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து எண்ணைக் குறியுங்கள். மேட்ச் நடுவே எடுக்கும் எண் நொடிக்கு நொடி மாறும். அதை வைத்து ஒப்பிட முடியாது.

இந்த நோட்டு இல்லாவிட்டால், “அண்ணே, நாலாம் நம்பர் ஸ்லோவா இருக்கு” என்று பையன் சொல்லும்போது அது உண்மையா, அவன் தோற்றுப்போன கோபமா என்று உங்களால் சொல்ல முடியாது. நோட்டில் 210 என்றிருந்து இப்போது 205 காட்டினால் மெஷினில் கோளாறில்லை. 150 காட்டினால் தேட வேண்டும்.

விண்டோஸை ஒரு வாரம் பின்னால் நிறுத்துவது

மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்கு அன்றிரவு பத்தரை. அங்கே குளிர்காலமாக இருந்தால் பதினொன்றரை. ஆகவே நம் கடைகளில் அது தலைகாட்டுவது புதன்கிழமைதான். அந்தப் புதனை நாட்காட்டியில் வட்டமிட்டுவையுங்கள்.

ஒன்றாம் நம்பர் மெஷினில் இந்த அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மற்ற ஏழிலும் `gpedit.msc` திறந்து, Computer Configuration, Administrative Templates, Windows Components, Windows Update என்ற வரிசையில் போனால் Manage updates offered from Windows Update என்ற பகுதி வரும். அதில் இரண்டு வேலை. Select when Quality Updates are received என்பதை இயக்கி 7 நாள் கொடுங்கள். 30 நாள்வரை கொடுக்க இடமிருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத பத்துப் பேர் உட்காரும் மெஷினில் பாதுகாப்பு ஓட்டையை ஒரு மாதம் திறந்துவைப்பது சரியல்ல. இரண்டாவது, Do not include drivers with Windows Updates என்பதை Enabled ஆக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட கிராபிக்ஸ் டிரைவரின் மேல் விண்டோஸ் தன்னிடமுள்ள ஒன்றை ஏற்றிவிடக்கூடும். இந்த இரண்டாவது அமைப்பு ஒன்றாம் நம்பர் மெஷினுக்கும் வேண்டும்.

விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு `gpedit.msc` கிடையாது. அவர்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கு முன் Settings, Windows Update போய் Pause updates மூலம் நிறுத்திவைத்து, சோதனை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். நினைவு வைத்துச் செய்யும் வேலை என்பதால் இதையும் நாட்காட்டியில் எழுதுங்கள்.

Active hours என்ற அமைப்பில் கடை நேரத்தைக் கொடுத்துவையுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி ஆடிக்கொண்டிருப்பவரின் திரையில் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆவதை இது தடுக்கும்.

விண்டோஸ் 10-இல் இன்னும் ஓடும் மெஷின்கள் இருந்தால், 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அவற்றை இந்தத் திட்டத்தில் சேர்ப்பதைவிட மாற்றுவதற்கான பட்டியலில் சேர்ப்பதே நல்லது.

ஆட்டத்தை ஒருமுறை இறக்கி எட்டுக்குப் பகிர்வது

6 ஜிபி அப்டேட் ஒன்று வருகிறது. எட்டு மெஷினும் தனித்தனியாக இறக்கினால் 48 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்; அதுவரை பிரவுசிங்குக்கு வந்தவர்களும் காத்திருக்க வேண்டியதுதான். ஒரே மெஷினில் இறக்கினால் எட்டு, ஒன்பது நிமிடம். மீதி ஏழுக்கும் உள் நெட்வொர்க்கிலேயே கொடுத்துவிட்டால் மொத்த வேலையும் கால் மணி நேரத்தில் முடியும்.

ஸ்டீமில் இதற்கு வசதி உள்ளேயே இருக்கிறது. Settings, Downloads பகுதியில் Game File Transfer over Local Network என்று இருக்கும். எட்டு மெஷினிலும் அதை இயக்கி, பராமரிப்புக்கென்று வைத்திருக்கும் ஒரே கணக்கில் நுழையுங்கள். ஒன்றாம் நம்பரில் அப்டேட் முடிந்ததும் ஸ்டீமை மூடாமல் விட்டுவிட்டு, மற்றவற்றில் அப்டேட்டைத் தொடங்கினால் அவை பக்கத்து மெஷினிலிருந்து எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் எல்லாவற்றிலும் கணக்கிலிருந்து வெளியேற மறக்கக் கூடாது.

வேலரன்டுக்கு இப்படி ஒரு வசதி இல்லாததால் கோப்புறையையே நகல் எடுக்க வேண்டும். PC01 என்று பெயரிட்ட ஒன்றாம் நம்பர் மெஷினில் அப்டேட் முடித்து, அதன் D டிரைவை games என்ற பெயரில், படிக்க மட்டும் அனுமதி கொடுத்துப் பகிருங்கள். பிறகு மற்ற மெஷின் ஒவ்வொன்றிலும், ஆட்டமும் லாஞ்சரும் மூடியிருக்கும்போது இதை ஓட்டுங்கள்:

```
robocopy "\\PC01\games\Riot Games\VALORANT" "D:\Riot Games\VALORANT" /MIR /R:1 /W:1
```

முதலில் வருவது எடுக்கும் இடம், இரண்டாவது போடும் இடம். `/MIR` என்பது போடும் இடத்தை எடுக்கும் இடத்தைப் போலவே ஆக்கிவிடும். அங்கே கூடுதலாக இருப்பதை அழித்துவிடும். இரண்டும் இடம் மாறினால் பழைய பதிப்பு புதியதன் மேல் ஏறும். பகிர்வுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: தலைகீழாகத் தட்டினாலும் எழுத விடாமல் மறுத்துவிடும். நகல் முடிந்ததும் லாஞ்சரைத் திறந்தால் அது கோப்புகளைச் சரிபார்த்து, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் மட்டும் இறக்கும். ஒரு வரம்பும் உண்டு. பெரிய கோப்பில் சிறு மாற்றம் வந்தாலும் ரோபோகாப்பி அந்தக் கோப்பு முழுவதையும் நகலெடுக்கும். எனவே 1 ஜிபி அப்டேட்டுக்கு உள்ளுக்குள் பல ஜிபி ஓடலாம்.

அப்படி ஓடும்போது ஒரு மெஷின் மட்டும் பத்து மடங்கு மெதுவாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். விண்டோஸின் நெட்வொர்க் விவரத்தில் Link speed என்ற இடத்தில் 1000/1000 இருக்க வேண்டும். 100/100 என்றிருந்தால் பெரும்பாலும் க்ரிம்ப் கோளாறு. ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் தொட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். வெறும் பிரவுசிங்கில் இது வெளியே தெரியாது. எல்லா மெஷினும் 100/100 காட்டினால் கேபிளை விட்டுவிட்டு ஸ்விட்சை மாற்றுங்கள்.

உறையவைத்த C, ஓயாத ரீஸ்டார்ட்

சென்டர்களில் அதிகம் குழப்பும் கோளாறு இது. கஸ்டமர் எதை நிறுவினாலும், எந்த அமைப்பை மாற்றினாலும் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பலர் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளால் C டிரைவை உறையவைத்திருப்பார்கள். ஆட்டங்கள் அப்டேட் ஆக வேண்டும் என்பதற்காக D டிரைவை மட்டும் திறந்து விட்டிருப்பார்கள். பார்க்கச் சரியான ஏற்பாடுதான்.

இப்போது வேலரன்ட் அப்டேட் வருகிறது. ஆட்டத்தின் கோப்புகள் D-யில் புதிதாகிவிடுகின்றன. ஆனால் அதன் காவலாளியான வான்கார்ட் இருப்பது `C:\Program Files\Riot Vanguard` கோப்புறையில். அது விண்டோஸோடு சேர்ந்தே எழும் டிரைவர் என்பதால், புதிய பதிப்பு ஏறியதும் ரீஸ்டார்ட் கேட்கிறது. கஸ்டமர் ரீஸ்டார்ட் செய்கிறார். C உறைந்திருப்பதால் வான்கார்ட் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுகிறது. லாஞ்சர் அதைப் பார்த்துப் புதியதை மறுபடி ஏற்றி, மறுபடி ரீஸ்டார்ட் கேட்கிறது. “எத்தனை தடவ ரீஸ்டார்ட் பண்ணாலும் அதையேதாண்ணே கேக்குது” என்று பையன் எழுந்து வருவான். ஆட்டத்தை நீக்கிவிட்டு முழுதாக மறுபடி நிறுவினாலும் இது தீராது. C உறைந்திருக்கும் வரை ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் அதையும் விழுங்கிவிடும்.

நோய் இதுதானா என்று உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. அந்தக் கோப்புறையில் `vgk.sys` என்ற கோப்பின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். லாஞ்சர் அப்டேட் போட்டதும் தேதி மாறுகிறதா என்று பாருங்கள். ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். பழைய தேதி திரும்பியிருந்தால் உறைநிலைதான் காரணம். இணைப்பையும் ஆட்டத்தையும் சந்தேகிக்க வேண்டாம்.

தீர்வின் வரிசை இது. Ctrl+Alt+Shift+F6 அழுத்தி டீப் ஃப்ரீஸைத் திறந்து கடவுச்சொல் கொடுங்கள். Boot Thawed என்பதைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூலையிலுள்ள கரடிப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி மின்னினால் C திறந்திருக்கிறது என்று பொருள். இப்போது லாஞ்சரைத் திறந்து அப்டேட்டை முடித்து, அது கேட்கும் ரீஸ்டார்ட்டைச் செய்யுங்கள். திரும்பி வந்ததும் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டில் இதைத் தட்டுங்கள்:

```
sc query vgk
```

STATE என்ற வரியில் RUNNING இருந்தால் வான்கார்ட் எழுந்துவிட்டது. பிறகு ஒரு முழு மேட்ச் ஆடுங்கள். எல்லாம் சரியென்றால்தான் Boot Frozen கொடுத்து மூட வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டீப் ஃப்ரீஸில் Boot Thawed on next என்று, அடுத்த இத்தனை ரீஸ்டார்ட்டுக்கு மட்டும் திறக்கும் வசதியும் உண்டு. அவசரத்தில் அதில் 1 கொடுப்பார்கள். முதல் ரீஸ்டார்ட்டில் C திறக்கும், அப்டேட் ஏறும், அது இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும். அந்த இரண்டாவது ரீஸ்டார்ட்டில் C மறுபடி உறைந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டுக்குச் சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட ரீஸ்டார்ட் வேண்டியிருப்பதால் அது பாதியில் நிற்க நேரலாம். எண்ணிக்கை கொடுக்காமல் Boot Thawed கொடுத்துவிட்டு, வேலை முடிந்தபின் நீங்களே உறையவைப்பதுதான் பாதுகாப்பு. உறையவைக்க மறந்துவிடாமலிருக்க, கடை அடைக்கும் நேரத்துப் பட்டியலில் கரடியைப் பார்ப்பதை ஒரு வரியாகச் சேருங்கள்.

உறைய வைப்பதற்கு முன் மேட்ச் ஆடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புது டிரைவரோ புது ஆட்டப் பதிப்போ வந்தபின், கிராபிக்ஸ் கார்டுக்கான ஷேடர் கோப்புகள் முதல் ஆட்டத்தின்போது புதிதாகத் தயாராகி, C-யில் பயனர் கோப்புறைக்குள் சேர்கின்றன. அதுவரை ஆட்டம் விட்டுவிட்டு நிற்கும். ஆடாமல் உறையவைத்தால் அந்தச் சேமிப்பு ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அழிந்து, ஒவ்வொரு கஸ்டமருக்கும் முதல் பத்து நிமிடம் தடுமாற்றம் இருக்கும். எபிக் லாஞ்சருக்கும் இதே மாதிரி சிக்கல் வரும். எந்த ஆட்டம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற குறிப்பை அது C-யில் `ProgramData` கோப்புறையில் வைத்திருக்கிறது. D-யில் ஆட்டம் புதியது, C-யில் குறிப்பு பழையது என்றால் அப்டேட்டை மறுபடி கேட்கும். ஸ்டீம் அந்தக் குறிப்பை ஆட்டம் இருக்கும் டிரைவிலேயே வைப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

உறையவைக்கும் கடைக்காரர் சட்டப்படி கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி, பார்க்கப்பட்ட இணையதளங்களின் பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். ரீஸ்டார்ட்டில் அழியும் C-யில் அது நிற்காது. ப்ராக்ஸி சர்வரிலோ தனி மெஷினிலோ பதிவாகுமாறு ஏற்பாடு செய்யுங்கள்.

நாணய அளவு பேட்டரி

விண்டோஸ் 11-இல் வான்கார்ட் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறது: செக்யூர் பூட் இயங்க வேண்டும், டிபிஎம் 2.0 இயங்க வேண்டும். இவை பயோஸில் அணைந்திருந்தால் VAN9001 அல்லது VAN9003 என்ற எண்ணோடு ஆட்டம் மறுக்கும். நேற்று ஓடிய மெஷினில் இன்று இந்த எண் வருகிறது, அப்டேட் எதுவும் போடவில்லை என்றால், முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால் மதர்போர்டில் உள்ள CR2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் கடைகளிலும், மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களிலும் இது சீக்கிரம் வரும். பேட்டரி தீர்ந்ததும் பயோஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பிவிடும். பழைய போர்டுகளில் அந்த ஆரம்ப அமைப்பில் டிபிஎம் அணைந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் லாஞ்சர்களும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை சொல்லி உள்ளே விடாது. பயோஸை அப்டேட் செய்தாலும் அமைப்புகள் இதேபோல் ஆரம்ப நிலைக்குப் போகலாம்.

பேட்டரியை மாற்றியபின் பயோஸுக்குள் போய் செக்யூர் பூட்டையும் டிபிஎம்மையும் இயக்குங்கள். இன்டெல் போர்டில் டிபிஎம் PTT என்ற பெயரிலும், ஏஎம்டி போர்டில் fTPM என்ற பெயரிலும் இருக்கும். விண்டோஸுக்குத் திரும்பி `msinfo32` திரையில் Secure Boot State என்பது On ஆகவும் BIOS Mode என்பது UEFI ஆகவும் இருக்கிறதா என்று பாருங்கள். `tpm.msc` திறந்தால் Specification Version 2.0 என்று காட்ட வேண்டும். BIOS Mode-இல் Legacy என்று இருந்தால் டிஸ்க் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். அது கூட்டமில்லாத நாளில், நகல் எடுத்துவைத்துக்கொண்டு சர்வீஸ்காரரோடு செய்யும் வேலை. பிட்லாக்கர் இயங்கும் மெஷினில் டிபிஎம் அமைப்பைத் தொடுவதற்கு முன் அதன் மீட்புக் குறியீடு கையில் இருக்க வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள பயோஸ் திரைகளைக் கைபேசியில் படமெடுத்து, மெஷின் எண் போட்டு வைத்துக்கொண்டால் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

வேகம் குறைந்தால் யாரைப் பிடிப்பது

ஆட்டம் திறக்கிறது, எண் மட்டும் விழுந்திருக்கிறது. இப்போது நோட்டு பேசும். முதலில் எத்தனை மெஷினில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அப்டேட் பெரும்பாலும் காரணமல்ல. தூசி அடைத்த ஃபேன், தளர்ந்த ராம் என்று தேடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் விழுந்திருந்தால் அன்று எது மாறியது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் கடைசியாக ஏறிய அப்டேட்டுகளை பவர்ஷெல் காட்டும்:

```
Get-HotFix | Sort-Object InstalledOn -Descending | Select-Object -First 5
```

விண்டோஸ் அப்டேட்டே ஆட்டத்தைக் கெடுத்ததற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த KB5001330-க்குப் பிறகு பல மெஷின்களில் ஆட்டங்கள் மந்தமாயின. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட மாற்றத்தைத் தன் பக்கத்திலிருந்தே திரும்பப் பெற்றது. 2025 அக்டோபரின் KB5066835-க்குப் பிறகு விண்டோஸ் 11-இல் சில ஆட்டங்களின் வேகம் குறைந்தபோது மருந்து வேறு இடத்திலிருந்து வந்தது: என்விடியா 581.94 என்ற அவசரத் திருத்த டிரைவரை வெளியிட்டது. கெடுத்தது விண்டோஸாக இருந்தாலும் சரிசெய்வது டிரைவராக இருக்கலாம் என்பதால், கழற்றுவதற்கு முன் என்விடியாவின் வெளியீட்டுக் குறிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றாம் நம்பரில் மட்டும் முதலில் கழற்றுங்கள். Settings, Windows Update, Update history, அதன் அடியில் Uninstall updates. எண் பழைய அளவுக்கு ஏறினால் மற்ற மெஷின்களில் Pause updates கொடுத்து, அடுத்த திருத்தம் வரும்வரை நிறுத்துங்கள். ஏறாவிட்டால் அந்த அப்டேட் குற்றவாளி இல்லை. திரும்பப் போட்டுவிட்டு டிரைவரைப் பாருங்கள். டிரைவரைப் பின்னால் கொண்டுபோக டிவைஸ் மேனேஜரில் Roll Back Driver இருக்கிறது. அது மங்கலாக இருந்தால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் சேஃப் மோடில் பழையதைத் துடைத்துவிட்டு, நோட்டில் எழுதியுள்ள எண்ணின் டிரைவரைப் போடுங்கள். அந்த டிரைவர் கோப்பை ஒரு பென் டிரைவில் முன்பே வைத்திருப்பது நல்லது.

கல்லா அருகே ஒட்டிவைக்க வேண்டிய பட்டியல்

கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன், தினமும்:
- ஒன்றாம் நம்பரில் வேலரன்ட் லாஞ்சரையும் ஸ்டீமையும் திறந்து அப்டேட் இருக்கிறதா என்று பார்.
- இருந்தால் அதில் இறக்கி, ஒரு மேட்ச் ஆடி, பிறகு மற்றவற்றுக்குக் கொடு.
- வான்கார்ட் ரீஸ்டார்ட் கேட்டால் எல்லா மெஷினிலும் C-யைத் திறந்து முடி.
- எல்லா மெஷினிலும் தேதி சரியா என்று பார்.

கடை அடைக்கும்போது, தினமும்:
- பராமரிப்புக் கணக்கு எந்த மெஷினிலாவது திறந்திருக்கிறதா?
- கரடியின் மேல் சிவப்புக் குறி எங்காவது மின்னுகிறதா?

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள்:
- ஒன்றாம் நம்பரில் C-யைத் திறந்து விண்டோஸ் அப்டேட்டை ஏற்று. ரீஸ்டார்ட் கேட்பது நிற்கும்வரை செய்.
- பயிற்சிக் களத்தில் எஃப்பிஎஸ் எடுத்து நோட்டோடு ஒப்பிடு.
- பிரிண்டர், ஹெட்செட் மைக் இரண்டையும் சோதி.
- அந்த வாரம் டிரைவரையோ பயோஸையோ தொடாதே.

அதற்கடுத்த புதன்:
- ஒன்றாம் நம்பரில் ஒரு வாரம் சிக்கல் இல்லையென்றால் மற்ற ஏழையும் திறந்து ஏற்று, ஆடிப் பார்த்து, உறையவை.
- நோட்டில் புதிய எண்களை எழுது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை:
- நன்றாக ஓடும் ஒன்றாம் நம்பரின் C டிரைவை க்ளோன்சில்லா போன்ற கருவியால் வெளி டிஸ்க்கில் நகலெடு.
- நெட்வொர்க் வேகம் 1000/1000 காட்டுகிறதா என்று எல்லா மெஷினிலும் பார்.

பட்டியலில் எதற்காவது நேரமில்லை என்றால் மூன்று மாத வேலையைத் தள்ளிப்போடுங்கள், பாதகமில்லை. ஒன்றாம் நம்பரில் ஆடிப் பார்க்காமல் மற்ற ஏழுக்கு எதையும் கொடுக்க மட்டும் வேண்டாம். ஒரு மெஷின் கெட்டால் மற்ற ஏழில் தொழில் நடக்கும். எட்டும் சேர்ந்து கெட்டால் அன்று ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.